முன்னுரையில் நன்றி: யார் பெயர் வரலாம், யார் பெயர் வரக்கூடாது

கள ஆய்வு நூல் ஒன்று, ஆய்வு நடந்த ஊருக்கே திரும்பிப் போவதாக வைத்துக்கொள்வோம். ஊர்க்காரர்கள் அதில் எதைப் படிப்பார்கள்? அட்டவணைகளை யாரும் புரட்டமாட்டார்கள். கோட்பாட்டு இயல் பக்கம் ஒருவரும் போகமாட்டார்கள். முன்னுரையில் இருக்கும் நன்றிப் பக்கத்தைத்தான் தேடுவார்கள். அதில் யார் பெயர் இருக்கிறது, யார் பெயர் விட்டுப்போயிற்று என்று பார்ப்பார்கள். ஆய்வாளரோ அந்தப் பக்கத்தைத்தான் கடைசி இரவில், பைண்டிங் கடைக்குப் போகும் அவசரத்தில் எழுதுகிறார். நெறியாளருக்கு ஒரு பத்தி, துறைத்தலைவருக்கு ஒரு பத்தி, தட்டச்சு செய்தவருக்கு ஒரு வரி. கேள்விகளுக்குப் பதில் சொன்னவர்களுக்கு, பழைய ஆய்வேடு எதிலிருந்தாவது எடுத்த ஒரு வாக்கியம்.

அந்த ஒரு வாக்கியத்தில் இரண்டு விதமாகத் தவறு நேரலாம். ஒன்று, பெயர் சொல்லவேண்டியவரைப் பெயரில்லாமல் விட்டுவிடுவது. இன்னொன்று, பெயர் வெளியே வராது என்று வாக்குக் கொடுத்தவரை நன்றி என்ற பெயரில் காட்டிக்கொடுத்துவிடுவது. இரண்டாவதில் ஆபத்து அதிகம், அதனால் இந்தக் கட்டுரை பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

திருவனந்தபுரத்தை எடுத்துக்கொள்கிறேன். கள ஆய்வின் இரண்டு மரபுகள் இந்த நகரத்தில் பக்கத்துப் பக்கத்தில் வளர்ந்திருக்கின்றன.

முதல் மரபு மொழியியலும் நாட்டார் வழக்காற்றியலும் சார்ந்தது. கேரளப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய வ.அய். சுப்பிரமணியம் மலையாளத்தின் வட்டார வழக்குகளை ஊர் ஊராகத் திரட்டும் பெரிய ஆய்வை நடத்தினார். ஈழவ, தீய்யச் சமூகத்தாரின் பேச்சைப் பற்றிய தொகுதி 1974இல் வந்தது. பின்னாளில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தரானவரும் இவரே. இந்தத் துறைகளில் பேசிக்காட்டியவர், பாடிக்காட்டியவர், கதை சொன்னவர் எல்லோருக்கும் ‘தகவலாளர்’ என்று பெயர். தமிழில் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வேடு எதையாவது எடுத்துப் பின்னிணைப்பைப் பாருங்கள். தகவலாளர் பட்டியல் இருக்கும். பெயர், வயது, சாதி, தொழில், ஊர் எல்லாம் கட்டம் போட்டு அச்சிட்டிருப்பார்கள். அது சரிதான். எழுபது வயதுப் பாட்டி பாடிய ஒப்பாரி அவருடைய சொத்து; பெயர் போடாமல் அச்சிட்டால் அது களவு. வட்டார வழக்கு ஆய்விலும் எந்த ஊர், எந்த வயது, எந்தச் சமூகம் என்று தெரியாவிட்டால் தரவுக்கு மதிப்பே கிடையாது.

இரண்டாவது மரபு உள்ளூரில் இருக்கும் வளர்ச்சி ஆய்வு மையத்தைச் சார்ந்தது. பொருளியலாளர் கே.என். ராஜ் 1971இல் தொடங்கியது. லாரி பேக்கர் கட்டிய செங்கல் கட்டடங்களுக்காகவும் பேர்போனது. கேரள இடப்பெயர்வுக் கணக்கெடுப்பு 1998இல் இங்கிருந்துதான் முதன்முதலாக நடந்தது. கே.சி. சக்கரியா, ஈ.டி. மாத்யூ, எஸ். இருதய ராஜன் மூவரும் தலைமையேற்றார்கள். 14 மாவட்டங்களிலும் 200 வார்டுகளைத் தேர்ந்தெடுத்து, வார்டுக்கு 50 வீடு என்று 10,000 வீடுகளில் கேட்டார்கள். வெளிநாட்டில் வாழும் கேரளத்தவர் ஏறக்குறைய 13.6 லட்சம் என்ற மதிப்பீடு அதிலிருந்து வந்தது. அதன் பிறகு பல சுற்றுகள் நடந்தன. 2023 சுற்றில் வீடுகளின் எண்ணிக்கை 20,000. இதே பாணியில் 2015இல் தமிழ்நாட்டிலும் ஒரு கணக்கெடுப்பு நடந்தது.

இந்தக் கணக்கெடுப்பில் யார் பெயரும் வெளியே வராது. யார் எந்த நாட்டுக்குப் போனார், எவ்வளவு பணம் அனுப்புகிறார், போவதற்கு எவ்வளவு கடன் வாங்கினார் என்பதெல்லாம் கேள்விகள். வீட்டு வரவுசெலவைத் திறந்து காட்டியவரின் பெயரைப் பின்னிணைப்பில் கட்டம் போட்டு அச்சிட முடியாது. இங்கே நன்றியைச் சொல்வது எளிது: பத்தாயிரம் குடும்பங்களுக்கு நன்றி. அவ்வளவு பெரிய கூட்டத்தில் யாரும் தனியாகத் தெரியமாட்டார்கள்.

ஆனால் அந்த நன்றிக்கும் ஒரு கணக்கு உண்டு. 1998இல் பார்த்த வீடுகளில் ஒரு பகுதிக்கு அடுத்தடுத்த சுற்றுகளிலும் மறுபடி போனார்கள். ஐந்தாண்டு கழித்து வருகிறவருக்கு அந்த வீட்டுக்காரர் கதவைத் திறக்கவேண்டும் என்றால், முதல்முறை சொன்னது வெளியே போகாமல் இருந்திருக்கவேண்டும்.

குழப்பம் எங்கே வருகிறது என்றால், இன்றைய மாணவர்கள் பெரும்பாலும் இரண்டு மரபையும் ஒரே ஆய்வில் கலக்கிறார்கள். வினாநிரலோடு இருநூறு, முந்நூறு வீடு. கூடவே பதினைந்து இருபது பேருடன் நீண்ட நேர்காணல். வீடுகளுக்கு இரண்டாம் மரபின் மறைப்பை வாக்களிக்கிறார்கள். நன்றியை எழுத உட்காரும்போது முதல் மரபின் பழக்கத்தில், பாடிக்காட்டிய பாட்டிக்கு எழுதுவதுபோலப் பெயர், ஊர், வயது எல்லாம் போட்டு எழுதிவிடுகிறார்கள்.

ஒரு கற்பனை ஆய்வை வைத்து இதைப் பார்ப்போம். கேரளப் பல்கலைக்கழகத்தின் காரியவட்டம் வளாகத்தில் படிக்கும் தமிழ் மாணவி ஒருத்தி. திருவனந்தபுரம் மாவட்டத்தின் கடலோரப் பஞ்சாயத்து ஒன்றில், வளைகுடா நாடுகளில் வீட்டுவேலை செய்துவிட்டுத் திரும்பிய பெண்களைப் பற்றி ஆய்வு. 240 வீடுகளில் வினாநிரல். 18 பெண்களுடன் நேர்காணல். கூடவே அதிகாரிகள், பங்குத்தந்தை, வார்டு மெம்பர் என்று சிலரிடமும் பேசியிருக்கிறாள்.

பொருள் சற்றே சிக்கலானது. குடியேற்ற அனுமதி தேவைப்படும் வகைப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் பெண், வளைகுடா போன்ற நாடுகளுக்கு வீட்டுவேலைக்குப் போக 30 வயது நிறைந்திருக்கவேண்டும் என்பது இந்திய அரசின் விதி. அதற்குக் குறைந்த வயதில் போகிறவர்கள் ஏஜென்ட் மூலமாகச் சுற்றுலா விசாவில் போவது உண்டு. போன இடத்தில் சம்பளம் கிடைக்காமல், வேலைசெய்த வீட்டிலிருந்து ஓடித் தூதரகத்தில் தஞ்சம் புகுந்து வந்தவர்களும் உண்டு. வட்டிக்கு வாங்கிய கடன் இன்னும் தீராமல் இருக்கும். ஏஜென்ட் அதே தெருவில் குடியிருப்பான். வேறொரு ஏஜென்ட் மூலம் மறுபடி போகலாமா என்ற யோசனையும் இருக்கும். இந்தப் பெண்கள் பெயர் வரக்கூடாது என்று சொல்வதற்குக் காரணம் வெட்கம் மட்டும் அல்ல.

அவள் முதலில் எழுதிய நன்றி இப்படி இருக்கிறது:

“வார்டு 7இல் எந்தப் பிரதிபலனும் எதிர்பாராமல் மனமுவந்து தகவல் தந்த 240 குடும்பத்தாருக்கும், குறிப்பாகக் குவைத்தில் பதினோரு ஆண்டுகள் உழைத்து மூன்று பெண்பிள்ளைகளைக் கரையேற்றிய, எனக்குத் தாய்போல் மீன்குழம்புச் சோறு போட்ட சேச்சிக்கும், நேர்காணல்களுக்குத் தம் இல்லத்தை அளித்த அங்கன்வாடி டீச்சருக்கும், தகுந்த பெண்களை அடையாளம் காட்டிய பங்குத்தந்தைக்கும், பெயர் குறிப்பிட விரும்பாத நோர்க்கா அலுவலக உதவி அதிகாரிக்கும் என் இதயம் கனிந்த நன்றி.”

அன்போடு எழுதியதுதான், ஒரு பெயர்கூட இல்லை. ஆனாலும் ஏறக்குறைய எல்லோரையும் இது அடையாளம் காட்டிவிடுகிறது.

சேச்சியிலிருந்து தொடங்குவோம். நான்காம் இயலில் ‘நேர்காணல் 6’ என்ற குறியீட்டோடு ஒரு பெண் பேசுகிறார்: குவைத், 11 ஆண்டு, மூன்று மகள்கள். முதல் இரண்டு ஆண்டுச் சம்பளத்தை ஏஜென்ட் பிடித்துக்கொண்டதையும், அவனுக்கு எதிராகப் புகார் கொடுத்துப் பிறகு திரும்பப் பெற்றதையும் சொல்கிறார். இயலில் பெயர் இல்லை, வார்டு எண்ணும் இல்லை. நன்றிப் பக்கத்தில் வார்டு 7 இருக்கிறது, குவைத்தும் பதினோரு ஆண்டும் மூன்று பெண்பிள்ளைகளும் இருக்கின்றன. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படிக்க அந்த வார்டைச் சேர்ந்த யாருக்கும் ஒரு நிமிடம் போதும். தனித்தனியாகப் பார்த்தால் எந்த விவரமும் அவரைக் காட்டுவதில்லை. மூன்று சேர்ந்தால் அந்த வார்டில் ஒரே ஒருத்திதான் மிஞ்சுகிறார். ஆய்வில் அடையாளம் வெளியாவது அனேகமாக இப்படித்தான் நடக்கிறது. பெயரை நேரே சொல்லி மாட்டிக்கொள்கிற ஆய்வாளர்கள் குறைவு.

அங்கன்வாடி டீச்சரைப் பாருங்கள். ஒரு அங்கன்வாடிக்கு ஒரு டீச்சர்தான். அவர் வீட்டில் நேர்காணல் நடந்தது என்றால், அந்த வாரங்களில் அவர் வீட்டுக்குப் போய்வந்த பெண்கள் யார் என்று ஊருக்குத் தெரியும். டீச்சருக்குச் சொன்ன நன்றி, நேர்காணல் கொடுத்தவர்களின் பட்டியலாகிவிடுகிறது. பங்குத்தந்தையும் அப்படியே. கடலோரத்தில் ஊர் என்பதே பங்கைச் சுற்றித்தான் அமைந்திருக்கிறது. இயலுக்குள் ஊர்ப்பெயரை மாற்றி வைத்திருந்தாலும், அவர் பெயரையோ கோயில் பெயரையோ முன்னுரையில் போட்டுவிட்டால் எந்த ஊர் என்று தெரிந்துவிடும்.

உதவி அதிகாரி விஷயம் கொஞ்சம் வேடிக்கையானது. பெயர் குறிப்பிட விரும்பவில்லை என்று எழுதிவிட்டுப் பதவியைக் குறிப்பிட்டாயிற்று. ஒரு அலுவலகத்தில் அந்தப் பதவியில் ஓரிருவர்தான் இருப்பார்கள். போதாததற்கு, மேலதிகாரிக்குத் தெரியக்கூடாத எதையோ இவர் சொல்லியிருக்கிறார் என்ற சந்தேகத்தையும் அந்தச் சொற்றொடரே கிளப்பிவிடுகிறது. பெயர் வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அவர் அப்படிச் சொன்னார் என்பதையும் எழுதாமல் விடவேண்டும்.

“எந்தப் பிரதிபலனும் எதிர்பாராமல்” என்பதில் வேறு வகைப் பிழை. நேர்காணல் கொடுத்த பெண்களில் சிலர் அன்றைய மீன்விற்பனையை விட்டுவிட்டு வந்தார்கள். அதற்கு ஈடாக அவள் ஒரு தொகை கொடுத்திருக்கிறாள். கொடுத்ததில் தவறில்லை, கூலி இழப்புக்கு ஈடு கொடுப்பது நல்ல முறைதான். அது எவ்வளவு, எதற்கு என்று முறையியல் இயலில் இருக்கவேண்டும். கொடுத்துவிட்டு முன்னுரையில் பிரதிபலன் இல்லை என்று எழுதினால், இரண்டையும் படிக்கும் தேர்வாளர் வைவாவில் முதலில் அதைத்தான் கேட்பார்.

எண்ணிக்கையிலும் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. அவள் தட்டிய கதவுகள் 262. பதினொரு வீடு பூட்டியிருந்தது, பதினொரு வீட்டில் மறுத்துவிட்டார்கள், மீதி 240. நன்றி 240 வீட்டுக்குத்தான். மறுத்தவர்களுக்கும் நன்றி சொல்லவேண்டும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது வெறும் அலங்காரம். அந்த 22 வீட்டுக்கு உரிய இடம் முறையியல் இயல். முக்கியமாக இடப்பெயர்வு ஆய்வில் பூட்டிய வீட்டுக்குப் பொருள் உண்டு: குடும்பமே மொத்தமாக வெளிநாடு போயிருக்கலாம். வீட்டுக்கு வீடு கேட்கும் எந்தக் கணக்கெடுப்பும் அப்படிப்பட்ட குடும்பங்களைத் தவறவிடும், பதில் சொல்ல அங்கே ஆள் இல்லையே. முன்னுரையில் ஒரு எண், அட்டவணையில் வேறொரு எண் என்று இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். “ஏறத்தாழ 300 குடும்பங்களுக்கு நன்றி” என்று பெருக்கி எழுதிவிட்டு உள்ளே 240 என்று காட்டும் ஆய்வேடுகளைப் பார்த்திருக்கிறேன்.

இதில் இவ்வளவு ஆபத்தா என்று தோன்றலாம். அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்ச்சி சமூகவியல் மாணவர்களுக்குப் பழக்கமானது. நியூயார்க் மாநிலத்தின் சிறிய ஊர் ஒன்றைப் பற்றி ஆர்தர் விடிச், ஜோசப் பென்ஸ்மன் இருவரும் 1958இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். கார்னெல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுத் திட்டத்தில் தொடங்கிய வேலை. யாரும் அடையாளம் தெரியாமல் இருக்கும் என்று ஊராருக்குச் சொல்லியிருந்தார்கள். நூலில் ஊருக்கு ஸ்பிரிங்டேல் என்று மாற்றுப்பெயர், ஆட்களுக்கும் மாற்றுப்பெயர். ஆனால் இவர் இன்ன பதவி, இன்ன தொழில் என்று இருந்ததால் ஊரில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரிந்துவிட்டது. அடுத்து வந்த ஜூலை 4 ஊர்வலத்தில் ஊரார் முகமூடி போட்டு, நூலில் தங்களுக்குக் கொடுத்திருந்த மாற்றுப்பெயரை மாட்டிக்கொண்டு வண்டியில் வந்தார்கள். கடைசியாக வந்தது சாணம் இறைக்கும் வண்டி. அதன் மேல் நூலாசிரியரின் உருவபொம்மை. மாற்றுப்பெயர் வெளியாட்களிடமிருந்து மறைக்கும், ஊராரிடமிருந்து மறைக்காது. கடலோரப் பெண்ணுக்கு ஆபத்து தொலைவில் இருக்கும் வாசகரால் வருவதில்லை, அதே தெரு ஏஜென்டால் வருகிறது.

முன்பெல்லாம் ஆய்வேடு மூன்று நான்கு பிரதி. நூலகத்தில் ஒன்று, துறையில் ஒன்று, அதோடு முடிந்தது. இப்போது முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ என்ற தேசிய இணையத் தொகுப்பில் ஏறுகின்றன. அங்கே ஆய்வேட்டைப் பகுதி பகுதியாகப் பிரித்து ஏற்றுகிறார்கள். நன்றிப் பக்கம் பெரும்பாலும் தனிக் கோப்பாகவே இருக்கும். முந்நூறு பக்கம் புரட்டிக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. ஏஜென்டின் மகனுடைய போனில் இரண்டு தட்டில் திறந்துவிடும்.

சரி, அவள் எப்படி எழுதியிருக்கலாம்? எழுதுவதற்கு முன்பு, முன்னுரையையும் இயல்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு சோதனை செய்திருக்கவேண்டும். நன்றிப் பக்கத்தில் வரும் ஒவ்வொரு விவரத்தையும் — ஊர், வார்டு, நாடு, ஆண்டு, உறவு, பதவி — இயலில் வரும் மேற்கோள்களோடு சேர்த்துப் பார்த்தால் யாராவது ஒருவர் மட்டும் மிஞ்சுகிறாரா? மிஞ்சினால் அந்த விவரம் நன்றிப் பக்கத்திலிருந்து போகவேண்டும். இயலிலிருந்து எடுப்பது கடினம், அங்கே அது ஆய்வுக்குத் தேவைப்படும். முன்னுரையில் எதுவும் தேவைப்படாது. அந்தச் சோதனையை முடித்துத் திருத்திய நன்றி இப்படி அமையலாம்:

“திருவனந்தபுரம் மாவட்டக் கடலோரத்தில் 240 வீடுகளில் என் வினாநிரலுக்குப் பதில் கிடைத்தது. ஒவ்வொரு வீட்டிலும் முக்கால் மணி நேரம் எனக்காக ஒதுக்கினார்கள். வேலைக்குப் போகும் நேரத்தைத் தள்ளிவைத்துப் பேசியவர்கள் பலர். வளைகுடா நாடுகளில் வீட்டுவேலை செய்து திரும்பிய 18 பெண்கள் தங்கள் அனுபவத்தை விரிவாகச் சொன்னார்கள். பெயரையும் ஊரையும் வெளியிடுவதில்லை என்று அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருப்பதால் தனித்தனியே இங்கே குறிப்பிடவில்லை. ஏஜென்ட் கடன் எப்படி வளர்கிறது என்று நான்காம் இயலில் வரும் விளக்கம் முழுவதும் அவர்கள் எனக்குக் கற்றுக்கொடுத்தது. அதில் பிழை இருந்தால் நான் புரிந்துகொண்டதில் உள்ள பிழை. ஊரில் இடம் தந்தும் வழிகாட்டியும் உதவிய அனைவருக்கும், தகவல் தந்த அரசு அலுவலகங்களுக்கும் நன்றி.”

இதயம் கனியவில்லை, ஆனால் முதலில் எழுதியதைவிட இதில்தான் நன்றி அதிகம் இருக்கிறது என்று நான் சொல்வேன். முக்கால் மணி நேரம் என்பது அளந்து சொன்ன கடன். நான்காம் இயலின் விளக்கம் யாரிடமிருந்து வந்தது என்று சொல்வது, அந்தப் பெண்களை வெறும் தகவல் தந்தவர்களாக அல்லாமல் விஷயம் தெரிந்தவர்களாக ஒப்புக்கொள்வது. “தகவல் தந்த பாமர மக்களுக்கு நன்றி” என்று எழுதும் பழக்கம் இன்னும் போகவில்லை. பாமரர் என்று சொல்லிவிட்டு அவர்கள் சொன்னதை வைத்துப் பட்டம் வாங்குவதில் ஒரு முரண் இருப்பது எழுதுகிறவர்கள் கண்ணில் படுவதே இல்லை.

மறைப்பதற்குக் காரணத்தையும் சொல்லிவிட்டது இன்னொரு நல்ல விஷயம். பெயர் இல்லாத நன்றியைப் பார்க்கும் ஊர்க்காரர், மறந்துவிட்டாள் என்றுதான் முதலில் நினைப்பார். வாக்குக் கொடுத்திருக்கிறேன் என்ற ஒரு வாக்கியம் அந்த வருத்தத்தை ஓரளவு போக்கும்.

இனி கடினமான இடம். அந்தப் பதினெட்டுப் பேரில் மூன்று பேர், “என் பேரைப் போடு மோளே, எனக்கென்ன பயம்” என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. பாடிக்காட்டிய பாட்டிக்கு இருக்கும் உரிமை, தன் வாழ்க்கையைச் சொன்ன பெண்ணுக்கு ஏன் இருக்கக்கூடாது? ஆய்வாளர் தன் வசதிக்காக எல்லோரையும் எண்ணாக மாற்றுவதும் ஒருவகை அலட்சியம்தான். ஆனால் முன்னுரையில் “நேர்காணல் தந்த இன்னார், இன்னார், இன்னார்” என்று மூன்று பெயரைப் போட்டால் ஊர் எது என்று வெளிப்பட்டுவிடும். ஊர் வெளிப்பட்டால் மீதிப் பதினைந்து பேரைச் சுற்றிய வட்டம் சுருங்கிவிடும். ஒருவருடைய துணிச்சலுக்கு இன்னொருவர் விலை கொடுக்கக்கூடாது.

இதற்கு ஒரு வழி இருக்கிறது. ஊரில் உதவியவர்கள் என்ற ஒரே தலைப்பின் கீழ், இடம் கொடுத்தவர், வழிகாட்டியவர், மொழிபெயர்த்தவர், பெயர் வர விரும்பிய நேர்காணல் பெண்கள் எல்லோரையும் கலந்து, அகரவரிசையில், யார் என்ன செய்தார் என்று சொல்லாமல் பெயரை மட்டும் அச்சிடுவது. அகரவரிசை முக்கியம், நேர்காணல் நடந்த வரிசையில் எழுதினால் எந்தப் பெயர் எந்த நேர்காணல் எண் என்று ஊகித்துவிடலாம். இந்த வழியும் ஊர்ப்பெயரை மறைக்கவேண்டிய தேவை இல்லாதபோதுதான் செல்லும். ஊரையே மறைத்திருந்தால், பெயர் வேண்டும் என்று கேட்ட மூன்று பேரிடமும் காரணத்தைச் சொல்லி, ஆய்வேட்டின் பிரதியில் கையெழுத்திட்டுத் தனியாக நன்றி எழுதிக் கொடுக்கலாம். அச்சில் வராத நன்றியும் நன்றிதான்.

அதிகாரிகள், தொழிற்சங்கத் தலைவர்கள், அருட்தந்தையர் போன்றவர்கள் தங்கள் பதவியின் பெயரால் பேசியிருந்தால் நிலைமை வேறு. அவர்களிடம் அனுமதி கேட்டுப் பெயரும் பதவியும் போடலாம். போடவும் வேண்டும், அவர்கள் சொன்னதற்கு அவர்கள் பொறுப்பு. ஒரே அதிகாரி காலையில் பதவியின் பெயரால் ஒன்று சொல்லி, மாலையில் டீக்கடையில் வேறொன்று சொல்லியிருந்தால், முன்னுரையில் பதவிக்கு நன்றி சொல்லிவிட்டு, டீக்கடைப் பேச்சை ‘ஓர் அரசு ஊழியர்’ என்று இயலில் எழுதுவது ஆபத்து. அந்த ஊழியர் யார் என்பதற்கு விடை முன்னுரையிலேயே இருக்கிறது. அந்த மாதிரி நேரத்தில் அலுவலகத்துக்கு மட்டும் நன்றி சொல்வது பாதுகாப்பு.

வினாநிரலோடு வீடு வீடாகப் போன கணக்கெடுப்பாளர்களைப் பலர் மறந்துவிடுகிறார்கள். வெயிலில் நடந்தவர்கள் அவர்கள். பெயர் போட்டுத்தான் நன்றி சொல்லவேண்டும். யார் எந்த வார்டுக்குப் போனார் என்பதை மட்டும் சொல்லாமல் விடலாம்.

கடைசியாக, மொழி. ஆய்வேடு ஆங்கிலத்திலோ தமிழிலோ இருக்கும். அந்த ஊர்ப் பெண்கள் படிப்பது மலையாளம். நன்றி யாருக்கோ அவருக்கே புரியாத மொழியில் இருந்தால் அது நெறியாளர் பார்ப்பதற்காக எழுதியது என்றுதான் ஆகும். நன்றிப் பகுதியையும், என்ன கண்டுபிடித்தோம் என்பதையும் மலையாளத்தில் ஒரே ஒரு தாளில் எழுதி, கேள்வி கேட்ட எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி கொடுக்கலாம். நேர்காணல் கொடுத்த வீடுகளுக்கு மட்டும் தேடிப்போய்க் கொடுத்தால், யார் பேசினார்கள் என்பதை அந்தத் தாளே சொல்லிவிடும்.

ஆய்வு செய்கிற மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நன்றிப் பக்கத்தைக் கடைசி இரவுக்கு வைக்காதீர்கள். ஊரில் இருக்கும்போதே எழுதி, சம்பந்தப்பட்டவர்களிடம் வாசித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்று யாராவது சொல்லும் வாக்கியத்தை அங்கேயே அடித்துவிடுங்கள். இணையத்தில் ஏறிய பிறகு அதை அடிக்க முடியாது.